டிரைபன் புளூ சோதனை: பிளாஸ்கில் இருக்கும் செல்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன?

செல் வளர்ப்பு ஆய்வகத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்கும் கேள்வி, “வயபிலிட்டி எவ்வளவு?” என்பது. நூறு செல் இருந்தால் அதில் உயிருள்ளவை எத்தனை என்று பொருள். புதிய பிளாஸ்கில் விதைக்கும் முன்னும், மருந்து கொடுத்துப் பார்க்கும் முன்னும், திரவ நைட்ரஜனில் உறைய வைக்கும் முன்னும் இந்த எண் வேண்டும். இதற்கு எளிய வழி டிரைபன் புளூ. ஒரு சாயம், ஒரு எண்ணும் கண்ணாடி, ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தால் போதும், பதினைந்து நிமிடத்தில் விடை வந்துவிடும்.

ஆனால் ஒரே பிளாஸ்கை இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவர் 97 என்பார், இன்னொருவர் 88 என்பார். சாயம் ஒன்றுதான், கண்ணாடியும் ஒன்றுதான். வித்தியாசம் பெரும்பாலும் சாயம் சேர்ப்பதற்கு முன்பே நுழைந்துவிடுகிறது. அதனால் இங்கே ஹீலா செல்கள் வளரும் ஒரு டி-25 பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, கடைசிக் கணக்கு வரை போகலாம். ஹீலா 1951 முதல் உலகமெங்கும் வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய்ச் செல். பிளாஸ்கின் அடியில் ஒட்டி வளரும் வகை. ஒட்டி வளரும் வேறு செல்களுக்கும் இதே வழிதான்.

சாயம் என்ன பார்க்கிறது

டிரைபன் புளூ கொஞ்சம் பெரிய மூலக்கூறு, எடை சுமார் 960 டால்டன். அதோடு நான்கு சல்ஃபோனேட் தொகுதிகள் இருப்பதால் எதிர்மின் ஏற்றம் கொண்டது. நல்ல நிலையில் உள்ள செல் சவ்வை அது தாண்டிப் போகாது. சவ்வு கிழிந்த செல்லுக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இறந்த செல் நீலமாகத் தெரியும், உயிருள்ளது நிறமில்லாமல் பளிச்சென்று இருக்கும்.

கவனியுங்கள், சாயம் கேட்பது ஒரே கேள்விதான்: சவ்வு முழுசாக இருக்கிறதா, இல்லையா. செல் பெருகுமா, மூச்சு விடுகிறதா, நாளைக்கும் இருக்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கடைசியில் இந்த இடத்துக்குத் திரும்ப வருவோம்.

சாயம் புரதத்தைப் பிடிக்கும் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செல்களை வளர்க்கும் திரவமான மீடியத்தில் கலந்துள்ள சீரத்திலும் புரதம் நிறைய. சீரம் அதிகமாக இருந்தால் சாயம் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பின்னணி முழுவதும் நீலமாகி, இறந்த செல் சரியாக நிறம் ஏறாமல் வெளிறிப்போகும். அதனால் எண்ணுவதற்கு எடுக்கும் செல்களைச் சீரம் இல்லாத பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் வைத்திருப்பது நல்லது. பத்து சதவீத சீரம் உள்ள மீடியத்திலேயே எண்ணுகிறவர்கள் ஏராளம், பெரும்பாலும் ஒப்பேறியும் விடும். ஆனால் உறைய வைக்கும் மீடியம் மாதிரி சீரம் கெட்டியாக இருக்கும் இடத்தில் அது நடக்காது.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

0.4 சதவீத டிரைபன் புளூ கரைசல் கடையிலேயே தயாராகக் கிடைக்கும். கால்சியம், மக்னீசியம் இல்லாத பிபிஎஸ், ஒட்டியிருக்கும் செல்களைக் கழற்றும் 0.25 சதவீத டிரிப்சின்-இடிடிஏ, சீரம் கலந்த மீடியம், 15 மி.லி. சென்ட்ரிஃபியூஜ் குழாய், மைக்ரோ பைபெட், சிறு குழாய்கள் ஆகியவை வேண்டும். எண்ணுவதற்கு ஹீமோசைட்டோமீட்டர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளை அணு எண்ணிப் பழகியவர்கள் ‘நியூபாவர் சேம்பர்’ என்று சொல்வார்களே, அதே கண்ணாடிதான். அதற்கென்று வரும் தடிமனான கவர்ஸ்லிப்பையே போட வேண்டும். சாதாரண மெல்லிய கவர்ஸ்லிப் போட்டால் அது வளைந்து, உள்ளே நிற்கும் திரவத்தின் ஆழம் மாறிவிடும். அப்புறம் கணக்கே தப்பு.

சாயப் பாட்டிலை எடுத்ததும் ஒரு துளியை மட்டும் செல் இல்லாமல் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். பழைய பாட்டிலில் சாயம் திரண்டு கருநீலப் புள்ளிகளும் ஊசிகளும் கிடக்கும். அவற்றை இறந்த செல் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிகட்டுங்கள். சாயத்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை. குளிரில் வைத்தால் இந்தத் திரட்சி இன்னும் கூடும்.

டிரைபன் புளூ புற்றுநோய் உண்டாக்கலாம் என்று கருதப்படும் பொருள். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, மிச்சத்தைச் சிங்கில் ஊற்றக் கூடாது. மனிதச் செல் என்பதால் சாயம் கலக்கும் வரையான வேலைகளை ஹூட்டுக்குள்ளேயே செய்யுங்கள்.

மிதப்பவற்றையும் சேருங்கள்

ஒட்டி வளரும் செல் இறந்தால் பெரும்பாலும் பிடியை விட்டு மேலே மிதக்கும். பழக்கதோஷத்தில் எல்லோரும் செய்வது, பழைய மீடியத்தை உறிஞ்சி வெளியே கொட்டிவிட்டு, ஒட்டியிருப்பவற்றை மட்டும் டிரிப்சின் போட்டு எடுப்பது. அடுத்த பிளாஸ்கில் விதைக்க மட்டும்தான் எண்ணுகிறீர்கள் என்றால் அதில் தவறில்லை. ஆனால் மருந்து கொடுத்த பிளாஸ்கில் எவ்வளவு இறந்தது என்று பார்க்க வந்துவிட்டு, இறந்தவற்றைக் கொட்டிவிட்டு மீதியை எண்ணினால் என்ன அர்த்தம்? மருந்தே வேலை செய்யவில்லை என்று தோன்றும்.

எனவே பழைய மீடியத்தை 15 மி.லி. குழாயில் ஊற்றி வையுங்கள். பிளாஸ்கை 2 மி.லி. பிபிஎஸ் விட்டு மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரையும் அதே குழாயில் சேருங்கள். அலசுவதற்கு இன்னொரு காரணம், பிளாஸ்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் சீரம் டிரிப்சினை முடக்கிவிடும் என்பது.

டிரிப்சின்: கடிகாரத்தைவிட மைக்ரோஸ்கோப்பை நம்புங்கள்

1 மி.லி. டிரிப்சின்-இடிடிஏ விட்டு, பிளாஸ்கைச் சாய்த்து அடி முழுவதும் பரவச் செய்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். ஹீலாவுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் நிமிடத்தை மட்டும் நம்பாமல் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். தட்டையாகப் பரந்திருந்த செல்கள் உருண்டு, ஓரம் மினுங்கும். பிளாஸ்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் லேசாகத் தட்டினால் மணல் சரிவது போலக் கீழே வரும். அதுதான் நேரம்.

இதற்கு மேல் விட்டால் டிரிப்சின் சவ்வையே அரிக்க ஆரம்பித்துவிடும். அப்படி நீலமாகும் செல்லைக் கொன்றது வளர்ப்பு அல்ல, நீங்கள். குறைவாக விட்டாலும் தொல்லை: முரட்டுத்தனமாகப் பைபெட்டால் அடித்துப் பிரிக்க வேண்டிவரும், அதிலும் சவ்வு கிழியும்.

கழன்றதும் சீரம் கலந்த மீடியம் 3 மி.லி. விட்டு டிரிப்சினை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் முன்பு எடுத்து வைத்த அதே குழாயில் சேர்த்து, 200 ஜி விசையில் ஐந்து நிமிடம் சுழற்றுங்கள். இது ஆர்பிஎம்மில் எவ்வளவு என்பது உங்கள் ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்தது. ‘ஆயிரம் ஆர்பிஎம்’ என்று நோட்டில் எழுதியிருப்பதை இன்னொரு மெஷினில் அப்படியே போட வேண்டாம்.

மேல் திரவத்தை எடுத்துவிட்டு, கீழே படிந்ததை 3 மி.லி. பிபிஎஸ்ஸில் கலக்குங்கள். 1 மி.லி. பைபெட்டால் குழாயின் சுவரோரமாக, நுரை வராமல், பத்து பதினைந்து முறை ஏற்றி இறக்கினால் ஒற்றை ஒற்றையாகப் பிரிந்துவிடும். நூல் நூலாகக் கொழகொழவென்று ஏதாவது இழுத்தால், அது உடைந்த செல்களிலிருந்து வெளிவந்த டிஎன்ஏ. நிறைய செல் வழியிலேயே உடைந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. அன்றைய எண்ணை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

சாயம் கலந்ததும் நேரம் ஓடத் தொடங்கும்

முதலில் எண்ணும் கண்ணாடியைத் தயாராக வைத்துவிட்டு அப்புறம் சாயத்தைத் தொடுங்கள். வரிசை முக்கியம். கண்ணாடியையும் கவர்ஸ்லிப்பையும் 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து உலர்த்துங்கள். இரண்டு பக்கத் திட்டுகளையும் வாயால் ஊதி லேசாக ஈரமாக்கி, கவர்ஸ்லிப்பை வைத்து அழுத்தினால், திட்டும் கண்ணாடியும் சேரும் இடத்தில் வானவில் நிற வளையங்கள் தெரியும். நியூட்டன் வளையங்கள் என்பார்கள். வளையம் தெரிந்தால்தான் உள்ளே இடைவெளி சரியாக 0.1 மி.மீ. தெரியாவிட்டால் எடுத்துத் துடைத்து மறுபடி வையுங்கள்.

இப்போது செல் குழாயை இரண்டு மூன்று முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். செல்கள் சில நிமிடத்திலேயே அடியில் இறங்கிவிடும் என்பதால், எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். மேலாக எடுத்தால் எண்ணிக்கை குறையும், அடியில் எடுத்தால் கூடும். 50 மைக்ரோலிட்டர் செல் கலவை, 50 மைக்ரோலிட்டர் சாயம், சிறு குழாயில் கலந்தாகிவிட்டது. இப்போது சாயத்தின் அடர்த்தி 0.2 சதவீதம், செல் இரண்டு மடங்கு நீர்த்திருக்கிறது. இந்த ‘இரண்டு’ கணக்கில் மறுபடி வரும். மீதமுள்ள செல்கள் வளர்ப்புக்கு வேண்டியவை என்றால் அவற்றைப் பிபிஎஸ்ஸில் காக்க வைக்காமல், மறுபடி சுழற்றி அதே 3 மி.லி. அளவு சீரம் மீடியத்தில் கலந்துவிடுங்கள்.

சாயம் கலந்த நேரத்தைக் குழாயின் மூடியில் எழுதுங்கள். மூன்று நிமிடத்தில் எண்ணத் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவது பழக்கமாக வேண்டும். டிரைபன் புளூ செல்லுக்கு நல்லதல்ல. நேரம் போகப் போக, முதலில் நிறமேறாமல் இருந்த செல்களும் மெல்ல நீலமாகும். சந்தேகம் இருந்தால் ஒரே சேம்பரை மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறையும், இருபதாவது நிமிடத்தில் ஒரு முறையும் எண்ணிப் பாருங்கள். அந்த வித்தியாசம் சாயம் செய்த வேலை, வளர்ப்போடு சம்பந்தமில்லாதது. நான்கு மாதிரிக்கும் ஒரே நேரத்தில் சாயம் கலந்து வரிசையாக வைத்துவிட்டு எண்ணுகிறவர்களுக்கு நான்காவது மாதிரி எப்போதும் மோசமாகத்தான் வரும். ஒவ்வொன்றாகக் கலந்து எண்ணுங்கள்.

கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் பைபெட் நுனியை வைத்து 10 மைக்ரோலிட்டர் விடுங்கள், தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்துப் பள்ளத்தில் வழிந்தாலும், நடுவில் காற்றுக்குமிழி நின்றாலும் கழுவிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியதுதான். ஒரு நிமிடம் ஆட விடாமல் வைத்தால் செல்கள் எல்லாம் ஒரே தளத்தில் இறங்கும். நம் ஊர் வெயிலில் தலைக்கு மேலே ஃபேன் சுற்றினால் ஓரம் சீக்கிரம் காய்ந்து, உள்ளே செல்கள் நகர ஆரம்பிக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

எதை உயிருள்ளது என்று எண்ணுவது?

மைக்ரோஸ்கோப்பில் 10 மடங்கு ஆப்ஜெக்டிவ். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வேண்டாம், சாதாரண பிரைட் ஃபீல்டு ஒளிதான் வேண்டும். ஃபேஸில் செல் ஓரமெல்லாம் ஒளிவட்டம் கட்டி, லேசான நீலத்தை மறைத்துவிடும்.

உயிருள்ள செல் உருண்டையாக, ஓரம் கூர்மையாக, நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும். இறந்த செல் முழுவதும் நீலமாக, மினுக்கம் இல்லாமல், பல நேரம் கொஞ்சம் உப்பி, ஓரம் மங்கித் தெரியும். இவ்வளவு தெளிவாக இருந்தால் யாருக்கும் சண்டை இல்லை. சிக்கல் இடைப்பட்டவற்றில்தான். ஒன்று, ஃபோகஸ் தள்ளிப்போன உயிருள்ள செல். அதன் ஓரம் கருமையாகி நீலம் போலவே தெரியும். ஃபைன் ஃபோகஸை முன்னும் பின்னும் திருப்பினால் நடுப்பகுதி பளிச்சிடும். உண்மையான இறந்த செல் எப்படித் திருப்பினாலும் நீலம்தான். இன்னொன்று, வெளிர் நீலமாக நிறமேறிய செல். சவ்வு கசியத் தொடங்கிவிட்டது என்று கொண்டு இதை இறந்ததோடு சேர்ப்பதே வழக்கம். எப்படி வேண்டுமானாலும் முடிவெடுங்கள், ஆனால் முதல் மாதிரியை எண்ணும் முன்பே முடிவெடுத்து நோட்டில் எழுதிவிடுங்கள். மருந்து போட்ட பிளாஸ்க் எது, போடாதது எது என்று தெரிந்த பிறகு முடிவெடுத்தால் கை தானாகவே வேண்டிய பக்கம் சாயும். முடிந்தால் வேறொருவரை மூடிகளில் எண்ணிட்டுத் தரச் சொல்லி, எது எதுவென்று தெரியாமல் எண்ணுவது இன்னும் நல்லது.

செல்லைவிடச் சிறிய நீலத் துணுக்குகள் சிதைந்த செல்களின் மிச்சம். அவற்றை எண்ண வேண்டாம். பூ மாதிரி நான்கைந்து செல் ஒட்டிக் கிடக்கும் கொத்துகள் நிறைய இருந்தால், உள்ளே எத்தனை நீலம் என்று ஊகிக்க முயலாமல், கலவையை மறுபடி பிரித்து எடுங்கள்.

சேம்பரில் 1 மி.மீ.க்கு 1 மி.மீ. அளவில் ஒன்பது பெரிய கட்டங்கள் இருக்கும். நான்கு மூலைக் கட்டங்களையும் எண்ணுவோம். ஒவ்வொன்றுக்குள்ளும் பதினாறு சிறு கட்டம், அதன்படி வரிசையாகப் போனால் தவறாது. கோட்டின் மேலே உட்கார்ந்திருக்கும் செல்லுக்கு ஒரு விதி வேண்டும்: மேல் கோட்டிலும் இடது கோட்டிலும் இருப்பதைச் சேர்ப்பது, கீழ் கோட்டிலும் வலது கோட்டிலும் இருப்பதை விடுவது. உயிருள்ளதற்கும் இறந்ததற்கும் ஒரே விதி.

ஒரு கட்டத்துக்கு இருபது முதல் ஐம்பது செல் வந்தால் வசதி. நூறைத் தாண்டினால் நீர்க்கச் செய்யுங்கள், பத்துக்குக் கீழே போனால் செறிவாக்குங்கள். ஒரு கட்டத்தில் 25, அடுத்ததில் 60 என்று வந்தால் கலவை சரியாகக் கலக்கவில்லை அல்லது நிரப்பியது சரியில்லை. சராசரி எடுத்துச் சமாளிக்காமல் மறுபடி நிரப்புங்கள்.

ஒரு கணக்கு

நம் ஹீலா பிளாஸ்கில் முதல் சேம்பரில் உயிருள்ளவை 41, 36, 39, 36, மொத்தம் 152. இறந்தவை 3, 5, 4, 4, மொத்தம் 16. கண்ணாடியின் மறுபக்க சேம்பரில் உயிருள்ளவை 147, இறந்தவை 19 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்தால் எட்டுக் கட்டத்தில் 299 உயிருள்ளவை, 35 இறந்தவை, ஆக 334.

```
உயிர்ப்பு சதவீதம் = 299 ÷ 334 × 100 = 89.5
ஒரு மி.லி.யில் உயிருள்ளவை = (299 ÷ 8) × 2 × 10,000 = 7,47,500
3 மி.லி.யில் மொத்தம் = 7,47,500 × 3 = 22,42,500
```

10,000 எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய கட்டம் 1 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. ஆழம். அதாவது 0.1 மைக்ரோலிட்டர், ஒரு மி.லி.யில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நடுவில் உள்ள 2, சாயத்தால் நீர்த்ததற்கு. சதவீதக் கணக்கில் இந்த இரண்டும் வராது, ஏனென்றால் உயிருள்ளதும் இறந்ததும் ஒரே அளவு நீர்த்திருக்கின்றன. அதனால் நிரப்பியதில் ஆழம் கொஞ்சம் தப்பினால் எண்ணிக்கை கெடுமே தவிர சதவீதம் அவ்வளவாகக் கெடாது.

அடுத்த பிளாஸ்கில் 5 லட்சம் உயிருள்ள செல் வேண்டும் என்றால் 5,00,000-ஐ 7,47,500-ஆல் வகுத்தால் 0.67 மி.லி.

இப்போது அந்த 89.5 எவ்வளவு உறுதி என்று பாருங்கள். 334 செல்லை மட்டும் எண்ணியதால் வரும் தற்செயல் ஆட்டமே மேலும் கீழும் மூன்று சதவீதப் புள்ளிக்குக் கொஞ்சம் அதிகம். நேற்று 92, இன்று 89.5 என்பதற்குச் செல்கள் வாடுகின்றன என்று பொருள் கொள்ள முடியாது. முதல் சேம்பரை மட்டும் எண்ணி நிறுத்தியிருந்தால் ஆட்டம் இன்னும் கூடுதல், கிட்டத்தட்ட நான்கரைப் புள்ளி. நோட்டில் 89.52 என்று இரண்டு தசமம் எழுதுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 90 என்று எழுதினால் போதும்.

மிதப்பவற்றைக் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 35 இறந்த செல்லில் 22 மிதந்துகொண்டிருந்தவை என்று கொள்வோம். மீதி 13. அப்போது 299-ஐ 312-ஆல் வகுத்தால் 96. ஒரே பிளாஸ்க், ஒரே நாள், ஆறு புள்ளி வித்தியாசம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் “அக்கா, தொண்ணூத்தாறு வருது!” என்று ஓடி வந்தால் நான் முதலில் கேட்பது, பழைய மீடியம் எங்கே என்றுதான்.

உங்கள் கண்ணையே சோதித்துப் பார்க்க

தொடர்ந்து எண்ணப்போகிறவர்கள் ஒரு முறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும். செல் கலவையில் பாதியை எடுத்து 65 டிகிரி நீர்த்தொட்டியில் இருபது நிமிடம் வைத்துக் கொல்லுங்கள். சாயம் போட்டுப் பார்த்தால் எல்லாம் நீலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சாயம் பழசு அல்லது சீரம் அதிகம். இது தெரியாமல் மேலே போவதில் பயனில்லை.

அடுத்து, கொன்ற கலவையையும் கொல்லாத கலவையையும் தெரிந்த விகிதத்தில் கலந்து எண்ணுங்கள். கொல்லாதது 90 சதவீதம் என்றால், மூன்று பங்கு அதையும் ஒரு பங்கு கொன்றதையும் கலந்ததில் 67 அல்லது 68 வர வேண்டும். சரிபாதியாகக் கலந்தால் 45. எல்லாக் கலவையிலும் நீங்கள் நான்கைந்து புள்ளி கூடுதலாகவே எண்ணினால் வெளிர் நீலத்தை உயிருள்ளதில் சேர்க்கிறீர்கள் என்று புரியும். குறைவாகவே எண்ணினால் ஃபோகஸ் தள்ளியவற்றைச் சந்தேகப்படுங்கள், அல்லது எண்ணுவதற்கு நேரம் அதிகம் எடுக்கிறீர்கள்.

வேலை முடிந்ததும் கண்ணாடியை உடனே கழுவி ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். காய்ந்த சாயம் கோடுகளில் ஏறினால் அடுத்தவர் எண்ணும்போது அது இறந்த செல்லாகிவிடும்.

இந்த எண் எங்கே ஏமாற்றும்

முதலாவது, தற்கொலைப் பாதையில் இறங்கிவிட்ட செல். அப்போப்டோசிஸ் என்று சொல்லும் அந்தத் திட்டமிட்ட இறப்பில், உள்ளே எல்லாம் குலைந்துகொண்டிருக்கும்போதும் தொடக்கத்தில் சவ்வு மூடியே இருக்கும். சாயம் உள்ளே போகாது. நீங்கள் அதை உயிருள்ளது என்று எண்ணுவீர்கள். மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் எண்ணினால் உயிர்ப்பு அதிகமாகத் தெரிவது இதனால்தான். அந்தக் கட்டத்தைப் பிடிக்க அனெக்சின்-வி போன்ற வேறு சோதனை வேண்டும்.

இரண்டாவது, முழுசாகக் கரைந்துபோன செல். அது நீலமாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை, எண்ணிக்கையிலேயே இல்லை. பாதி செல் வெடித்துக் கரைந்துவிட்ட பிளாஸ்கிலும் மிச்சம் நன்றாக இருந்தால் 90 சதவீதம் வரும். அதனால் சதவீதத்தை மட்டும் எழுதாமல் மொத்த எண்ணிக்கையையும் எழுதுங்கள். மருந்து போடாத பிளாஸ்கில் 22 லட்சம், போட்டதில் 9 லட்சம், இரண்டிலும் 90 சதவீதம் என்றால் கதை அந்த 9 லட்சத்தில்தான் இருக்கிறது. செல்கள் செத்துக் கரைந்தனவா, பெருகாமல் நின்றனவா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.

ஈஸ்டுக்கு இதே மாதிரி மெத்திலீன் புளூ போட்டு எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உயிருள்ள செல் நிறமற்று இருப்பதற்குக் காரணம் வேறு: சாயம் உள்ளே போகும், செல் தன் வளர்சிதை மாற்றத்தால் அதை நிறமற்றதாக்கிவிடும். அதனால் இரண்டு சாயத்தின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

மூன்றாவதுதான் அதிகம் பேரைக் குழப்புவது: உறைந்த குப்பியை உருக்கியதும் எடுக்கும் எண். உருக்கிய உடனே சாயம் போட்டால் 85, 90 என்று அழகாக வரும். மறுநாள் பார்த்தால் பிளாஸ்கில் பாதி மிதக்கும். உறைதலில் அடிபட்ட செல் பல மணி நேரம் கழித்துத்தான் இறக்கிறது. உருக்கிய நிமிடத்தில் அதன் சவ்வு நன்றாகத்தான் இருந்தது. எனவே உறைந்த குப்பியின் தரத்தை அறிய வேண்டும் என்றால், உருக்கியதும் உயிருள்ளவை எத்தனை விதைத்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்து ஒட்டியிருப்பவற்றை மட்டும் கழற்றி, உயிருள்ளவற்றை எண்ணுங்கள். மிதப்பவற்றைச் சேர்க்காமல் எண்ண வேண்டிய இடம் இது. 10 லட்சம் விதைத்து 5 லட்சம் ஒட்டியிருந்தால் அந்தக் குப்பிக்கு 50 சதவீதம் என்று எழுதுங்கள், முந்தைய நாளின் 90-ஐ அதன் பக்கத்தில் வைத்து.